வேண்டாம் என்றுதான் சொன்னேன், வெளியே போ என்று சொல்லவில்லை

நெருங்கிய நண்பன் ஒருவன் என்னிடம் காதலைச் சொன்னான். எனக்கு அப்படி ஓர் எண்ணம் இல்லை என்று சொன்னேன். நடந்தது இவ்வளவுதான். நான் திட்டவில்லை, சிரிக்கவில்லை, யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. 'யோசித்துச் சொல்கிறேன்' என்று இழுத்தடிக்கவும் இல்லை. அவனும் 'பரவாயில்லை, இதனால் நம் நட்பு மாறாது' என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அந்த 'மாறாது'வை இப்போது நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு நான் இருக்கும் அறையில் அவன் இருப்பதில்லை. வராமல் இருக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். வருகிறான். எனக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்து எல்லோருடனும் அரட்டை அடித்துக்கொண்டிருக்கிறான். வெளியே நான் வரும்போதே அவன் சிரிப்பு கேட்கும். நான் உள்ளே நுழைந்ததும் அது பாதியில் நின்றுவிடும். உடனே கை போனைத் தேடும். மணியே அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு 'ஒரு நிமிஷம்' என்று எழுந்து போவான். அந்த ஒரு நிமிஷம் நான் கிளம்பும்வரை முடியாது.

தப்பித்தவறி உட்கார்ந்திருக்க வேண்டி வந்தால் பார்வை என் தோளுக்கு மேலே சுவரில் எங்கேயோ ஒட்டிக்கொள்ளும். நான் நேராக அவனிடம் ஒரு கேள்வி கேட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பதில் சொல்வான். நீதிமன்றத்தில்கூட எதிர்த்தரப்பை இதைவிட மரியாதையாகப் பார்ப்பார்கள்.

சரி, போகட்டும் என்று விடலாம். விட முடியாமல் செய்வது அவன் எழுந்து போன பிறகு அந்த அறையில் நடப்பதுதான். மிச்சமிருக்கும் அத்தனை பேரும் முதலில் கதவைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்பார்: 'உங்களுக்குள்ளே என்ன பிரச்சினை? நீ ஏதாவது சொல்லிட்டியா?' நான் என்ன பதில் சொல்வது? உண்மையைச் சொன்னால் அவன் என்னை நம்பிச் சொன்னதை ஊருக்கே அறிவித்தவள் ஆவேன். சொல்லாவிட்டால், ஏதோ செய்துவிட்டு மழுப்புகிறவள் ஆவேன். அவன் ரகசியத்தை நான் வாய் திறக்காமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். அவனோ அதை ஒவ்வொரு முறையும் நடையிலேயே அறிவித்துவிட்டுப் போகிறான். பாதிப் பேர் இந்நேரம் ஊகித்திருப்பார்கள். மீதிப் பேர் நான் அவனிடம் கேவலமாக நடந்துகொண்டதாக நினைக்கிறார்கள். ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'நீயே போய் ஒரு சாரி சொல்லிடேன்' என்றாள். எதற்கு சாரி? காதல் வராததற்கா?

இதில் வேலையும் கெடுகிறது. எங்கள் கூட்டத்தில் ஒரு தோழிக்கு வழியனுப்பு விழா. பழைய படங்களையெல்லாம் சேர்த்து ஒரு வீடியோ தயாரிக்கும் பொறுப்பை அவனுக்கும் எனக்கும் கொடுத்திருந்தார்கள். இந்தப் பேச்சுக்கெல்லாம் முன்பே முடிவானது அது. படங்கள் அவனிடம், கோர்க்கும் வேலை என்னிடம். என் எண் அவனிடம் இல்லையா? இருக்கிறது. ஆனாலும் படங்களை இன்னொரு நண்பனுக்கு அனுப்பினான், அந்த நண்பன் அவற்றை எனக்கு அனுப்பினான். ஆண்டுவாரியாகப் பிரித்து வைத்திருந்த படங்கள் என்னிடம் வந்து சேரும்போது ஒரே குவியலாக இருந்தன, நடுவில் ஒரு முழு ஆண்டே காணோம். இதைக் கேட்க நான் அந்த நண்பனுக்கு எழுத, அவன் இவனுக்கு எழுத, 'அனுப்பிட்டேனே' என்று பதில் அதே வழியாகத் திரும்பி வந்தது. எந்தப் பாட்டு, எத்தனை நிமிடம் என்று முடிவு செய்ய நாங்கள் கூடிய அன்று நான் வந்ததும் அவன் எழுந்து போய்விட்டான். முடிவும் அவனோடு வெளியே போய்விட்டது. கடைசியில் 'நீங்க ரெண்டு பேரும் எதையும் உருப்படியா செய்ய மாட்டீங்க' என்று திட்டு மட்டும் சரிசமமாகக் கிடைத்தது.

அவனுக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆசைப்பட்ட ஆள் எதிரில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது கொடுமைதான். அதனால்தான் ஆரம்பத்தில் நானே ஒதுங்கிப் போனேன். அவன் இருக்கும் இடத்துக்குத் தாமதமாகப் போனேன், தள்ளி உட்கார்ந்தேன், தனியாக எதுவும் எழுதாமல் இருந்தேன். ஆனால் இடைவெளி வேண்டும் என்று நினைக்கிற ஆள் எப்படி நடந்துகொள்வார் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அவர் முன்கூட்டியே 'நான் இன்றைக்கு வரவில்லை' என்பார். தனியாக மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வார், கூட்டத்தில் ஒரு தலையாட்டலோடு நிறுத்திக்கொள்வார். வேலை விஷயம் என்றால் இரண்டு வரி எழுதுவார். நாள் போகப் போக இறுக்கமும் கொஞ்சம் தளரும். இங்கே நேர்மாறு. நாலு பேர் பார்க்க எழுந்து போவது குறையவே இல்லை, கூடிக்கொண்டு போகிறது. அவன் வேண்டுமென்றே செய்கிறானா என்று எனக்குத் தெரியாது. தண்டனை என்னவோ எனக்குத்தான் விழுகிறது.

இந்தப் பக்கத்து அவஸ்தையை யாரும் பேசுவதே இல்லை. 1993இல் ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒருதலைக் காதலைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காதலித்து மறுக்கப்பட்ட அனுபவத்தையும், காதலிக்கப்பட்டு மறுத்த அனுபவத்தையும் ஆட்களையே எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். காதலித்தவர்களின் நினைவில் வலியோடு கொஞ்சம் இனிப்பும் கலந்திருந்ததாம். மறுத்தவர்களுக்கு மிஞ்சியது பெரும்பாலும் கசப்பு மட்டும். தாங்கள் தப்பே செய்யவில்லை என்று தெரிந்தும் குற்ற உணர்வு வேறு. துரத்துகிறவர் எப்படி நடக்க வேண்டும் என்பதற்குக் கதைகளிலும் படங்களிலும் ஆயிரம் மாதிரிகள் உண்டு, வேண்டாம் என்று சொல்ல வேண்டியவருக்கு ஒரு மாதிரியும் கிடையாது என்றும் அதில் சொல்கிறார்கள். படித்தபோது அப்பாடா என்று இருந்தது. தோற்ற காதலனின் சோகத்துக்கு உச்சுக்கொட்ட ஊரே இருக்கிறது. மறுத்தவள் கல்நெஞ்சக்காரி, முடிந்தது கதை.

எனக்குப் போனது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் சண்டை என்றால் நான் முதலில் கூப்பிட்டது அவனைத்தான். இத்தனை நாள் அவன் காட்டிய அக்கறை எல்லாம் ஒரு பதிலுக்கான முன்பணமா, பதில் பிடிக்காததால் கணக்கை முடித்துவிட்டானா என்று இப்போது பழைய பேச்சுகளையெல்லாம் தோண்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்ல நினைவுகளைக்கூட சந்தேகத்தோடு பார்க்க வைத்துவிட்டான். அதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட ஆத்திரம்.

டேய், உன்னிடம் நான் பழைய நட்பைக் கேட்கவில்லை. 'கொஞ்ச நாளைக்கு என்னால் பேச முடியாது' என்று ஒரு வரி எழுது, போதும். நான் மறுபேச்சு பேச மாட்டேன். யாராவது கேட்டால் 'அவளிடம் எந்தத் தப்பும் இல்லை' என்று ஒரு வார்த்தை சொல், அதற்கு நீ காரணம் விளக்க வேண்டியதில்லை. அதுவரை வாசலில் நின்று உன் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிவிட்டு உள்ளே போகும் வேலையை இனிமேல் நான் செய்யப்போவதில்லை. வருவேன், உட்காருவேன், பேசுவேன். எழுந்து போவது உன் இஷ்டம்.

போகிற போக்கில் அந்த விடுபட்ட ஆண்டின் படங்களையாவது அனுப்பிவிட்டுப் போ. நேராக என் எண்ணுக்கு.