டே கேரிலிருந்து வந்த அந்த ஒரு போன் கால்

என் தங்கை மகளுக்கு அப்போது பத்து மாதம். தங்கைக்கு ஐ.டி. வேலை. ஆபீஸுக்குப் பக்கத்திலேயே இருந்த ஒரு டே கேரில் பாப்பாவை விட்டிருந்தாள். பெயர் வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு அங்கிருந்து போன். "மேடம், பாப்பாவுக்குக் கொஞ்சம் இருமல் இருக்கு. பயப்படாதீங்க, இப்போ நல்லா விளையாடுறா. நீங்க வழக்கம்போல வந்து கூட்டிட்டுப் போங்க." அவ்வளவுதான்.

நடந்தது இது. இரண்டு வயதுப் பையன் ஒருவனின் ஸ்நாக்ஸ் டப்பாவில் வறுத்த வேர்க்கடலை இருந்திருக்கிறது. பெரிய பிள்ளைகளும் தவழும் பிள்ளைகளும் ஒரே அறையில்தான். கீழே சிந்திய கடலை ஒன்று பாப்பா வாய்க்குப் போய்விட்டது. முதலில் கவனித்தவர் அங்கிருந்த ஆயாம்மா. கவனித்ததற்குக் காரணம் சத்தம் இல்லை, சத்தம் நின்று போனதுதான். பாப்பா வாயைத் திறந்திருக்கிறாள், அழுகை வரவில்லை, இருமலும் வரவில்லை, உதடு நீலமாகிக்கொண்டு வருகிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குழந்தை சத்தமாக இருமினாலோ அழுதாலோ காற்று உள்ளே போய் வருகிறது என்று அர்த்தம். அப்போது கைவைக்காமல், பக்கத்திலேயே இருந்து இரும விட வேண்டும். அதைவிட நல்ல வைத்தியம் நம் கையில் இல்லை. இருமல் பலவீனமாகிச் சத்தம் அடங்கினால்தான் நாம் இறங்க வேண்டும்.

ஆயாம்மா இறங்கினார். ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் முன்பு வேலை பார்த்தவர், பயிற்சி இருந்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, பாப்பாவை முன்கையில் குப்புறப் போட்டு, கையைத் தொடைமேல் தாங்கிக்கொண்டார். தாடையை விரல்களால் பிடித்தார், தொண்டையை அல்ல. தலை நெஞ்சைவிடக் கீழே. பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே ஐந்து தட்டு. தடவிக் கொடுப்பது போல இல்லை, உறுதியாக. வரவில்லை. இன்னொரு கையால் தலையையும் கழுத்தையும் தாங்கி மல்லாக்கத் திருப்பி, அப்போதும் தலை தாழ்வாகவே இருக்க, நடு மார்பெலும்பில், முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே ஐந்து அழுத்து. மறுபடி குப்புற, ஐந்து தட்டு. அந்த இரண்டாவது சுற்றில் கடலை வந்து விழுந்தது. பாப்பா கத்தி அழுதாள்.

மார்பை இரண்டு விரலால் அழுத்தச் சொல்லித்தான் பல வருடங்களாகக் கற்றுக்கொடுத்தார்கள். 2025-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் ஒரு கையின் அடிப்பகுதியால் அழுத்தச் சொல்கிறது. விரல்களில் போதிய ஆழம் கிடைப்பதில்லை என்பதுதான் விஷயம். ஒரு வயதுக்குள் வயிற்றை மட்டும் அமுக்கவே கூடாது, கல்லீரல் அடிபடும்.

ஒருவேளை குழந்தை துவண்டு போயிருந்தால்? கெட்டியான தரையில் படுக்க வைத்து, 108-ஐ ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, உடனே சி.பி.ஆர். தொடங்க வேண்டும். 30 தடவை மார்பழுத்தம், பிறகு குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து நம் வாயால் மூடி 2 மெல்லிய மூச்சு. மூச்சு கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் வாய்க்குள் பார்க்க வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம். தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். புரையேறினால் உச்சந்தலையில் தட்டுவது, ஊதுவது, தண்ணீர் புகட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்குவது எல்லாம் நம் வீடுகளில் இன்றும் நடக்கிறது. பாட்டிகள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இவை வேண்டாம்.

ஆக, முதலுதவி சரியாகவே நடந்தது. அந்த ஆயாம்மா இல்லாவிட்டால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க முடியாது. என் ஆத்திரமெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததன் மேல்தான்.

விழுந்தது பாதிக் கடலை. வேர்க்கடலை இரண்டாகப் பிளக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பருப்பு தரையில் கிடக்கிறது என்றால் மற்றது எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். ஆயாம்மா கேட்டிருக்கிறார். "அதான் அழுறாளே, சரியாயிடுச்சு, எதுக்கு வீணா அவங்கள பயமுறுத்தணும்" என்று மேனேஜர் முடித்துவிட்டார். அந்த மனநிலையில்தான் எங்களுக்கு "கொஞ்சம் இருமல்" என்று போன் வந்தது.

அன்று ராத்திரி பாப்பாவுக்கு லேசாக இழுப்பு. அடுத்த நாள் டாக்டர், சளி என்று நெபுலைசர் வைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இருமலும் இழுப்புமாக வரும் பத்து மாதக் குழந்தைக்கு யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். நடுவில் கொஞ்சம் சரியானது போலவும் இருந்தது. மூச்சுக்குழாய்க்குள் ஒரு பொருள் போய்த் தங்கினால் அப்படி ஓர் அமைதியான இடைவெளி வருவது வழக்கமாம். பிறகு காய்ச்சல். வேறொரு குழந்தை மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, வலது பக்கம் காற்று குறைவாகப் போகிறது என்றார். வலது மூச்சுக்கிளை அகலமானது, ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குவது, அதனால் விழுகிற பொருள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும். "ஏதாவது தொண்டையில மாட்டிக்கிச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டார். தங்கை யோசித்து என்ன பண்ணுவாள், அவளிடம்தான் யாரும் சொல்லவில்லையே.

எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. வலது நுரையீரல் மட்டும் காற்று அடைபட்டு உப்பியிருந்தது தெரிந்தது. தங்கை ஆயாம்மாவுக்கு நேரடியாகப் போன் போட்ட பிறகுதான் முழுக் கதையும் வந்தது. மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி செய்து, ஊறிப்போயிருந்த மற்ற பாதியை எடுத்தார்கள். பாப்பா இப்போது நன்றாக இருக்கிறாள்.

அந்தப் போன் கால் எப்படி இருந்திருக்க வேண்டும்? "பாப்பா இப்போ மூச்சு விடுறா, அழுறா. நாலு மணி வாக்கில வேர்க்கடலை தொண்டையில மாட்டி உதடு நீலமாச்சு. முதுகுல தட்டி, மார்ல அழுத்தினோம். பாதிக் கடலைதான் வந்துச்சு, அத எடுத்து வச்சிருக்கோம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம், நீங்க நேரா அங்க வந்துருங்க." அரை நிமிடம் கூட ஆகாது. குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும், இல்லையென்றால் அம்மாவின் காதில் மற்றது எதுவும் ஏறாது. மீதி ஒவ்வொரு வார்த்தையும் டாக்டருக்குத் தேவையானது. எதைச் சாப்பிட்டது, எப்போது, நிறம் மாறியதா, என்ன செய்தார்கள், முழுசாக வந்ததா. மார்பில் அழுத்தியிருந்தால் அதற்காகவே குழந்தையை ஒரு முறை பரிசோதிக்க வேண்டும்.

இதெல்லாம் நான் உட்கார்ந்து கற்பனை செய்வது இல்லை. இங்கிலாந்தில் 2025 செப்டம்பரிலிருந்து குழந்தைக் காப்பகங்களுக்கான விதியிலேயே இருக்கிறது. குழந்தைகள் சாப்பிடும்போது குழந்தை முதலுதவிச் சான்றிதழ் உள்ள ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும். தொண்டையில் அடைத்து யாராவது தலையிட வேண்டி வந்தால் எங்கே, எப்படி நடந்தது என்று எழுதி வைத்து, பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும். நம் நாட்டில் 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் டே கேர் பார்க்கப் போகிற நாம் ஏ.சி., சிசிடிவி, ஆங்கில ரைம்ஸ் எல்லாம் கேட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளின் முகம் தெரியும்படி எதிரே யார் உட்காருவார் என்று கேட்பதில்லை.

மேனேஜரைத் தங்கை நேரில் போய்ப் பார்த்தாள். "நல்ல எண்ணத்துலதான் மேடம் சொல்லல" என்றார். விபத்து எழுதும் நோட்டைக் காட்டச் சொன்னதற்கு, அப்படி ஒன்று இல்லை என்று பதில் வந்தது. பாப்பாவை அங்கிருந்து நிறுத்திவிட்டோம். புது இடத்தில் சேர்க்கும்போது அந்த நோட்டைத்தான் முதலில் கேட்டாள். அதில் போன மாதம் ஒரு பையன் இட்லி புரையேறியது வரைக்கும் நேரத்தோடு எழுதி, அவன் அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்.