பலகையில் நாலரைச் சாண் தள்ளி நிற்கும் கோடு

பத்து டிகிரி சூடேற்றினால் பல வேதிவினைகளின் வேகம் ஏன் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று பிளஸ் டூ வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "மூலக்கூறுகள் வேகமாக ஓடும், அதனால் அடிக்கடி மோதும்" என்று பட்டென்று பதில் வரும். பல ஆண்டுகள் நானும் அதற்கு முழு மதிப்பெண் போட்டேன். அது தவறு என்று எனக்குப் புரியவைத்தவள் பாம்பன் பக்கத்து மாணவி ஒருத்தி. அவள் அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்.

மூலக்கூறுகளின் சராசரி வேகம் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதை வைத்து வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்திருந்தேன். 30 டிகிரியில் இருக்கும் பொருளை 0 டிகிரிக்குக் குளிர்வித்தால் மூலக்கூறுகளின் வேகம் எவ்வளவு குறையும்? கெல்வினில் 303, 273. விடை சுமார் 5 சதவீதம். போட்டு முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "டீச்சர், வேகம் ஐந்து சதவீதம்தான் குறைகிறது. பிறகு வெயிலில் கிடக்கும் சூடை மீன் சாயங்காலத்துக்குள் நாறுகிறது, ஐஸ் பெட்டியில் இருப்பது மட்டும் எப்படி நாள்கணக்கில் தாங்குகிறது?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

27 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்கு, அதாவது 300 கெல்வினிலிருந்து 310 கெல்வினுக்குச் சூடேற்றினால் சராசரி வேகம் கூடுவது 1.6 சதவீதம். மோதல்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அவ்வளவுதான் கூடும். வினையின் வேகமோ இரு மடங்கு. 1.6 சதவீதத்தை வைத்து 100 சதவீதத்தை விளக்க முடியாது. "அடிக்கடி மோதும்" என்ற விடை அங்கேயே விழுந்துவிடுகிறது.

நாம் ஏமாறுவதற்குக் காரணம் நாம் வழக்கமாக வரையும் படம் என்றுதான் சொல்வேன். மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில மெதுவாக, பெரும்பாலானவை நடுவேகத்தில், மிகச் சில அதிவேகமாக. இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1860-இல் கணக்கிட்டுக் காட்டிய பரவல் இது. இடமிருந்து வலமாக வேகத்தைக் குறித்து வரைந்தால் ஒரு குன்று போல ஏறி, வலப்பக்கம் நீண்ட வாலாக இறங்கும். வினை நடக்கக் குறைந்தபட்சம் இவ்வளவு ஆற்றலோடு மோத வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. அதுதான் கிளர்வு ஆற்றல். அந்த ஆற்றலுக்குரிய வேகம் எதுவோ, அங்கே வரம்பை ஒரு செங்குத்துக் கோடாகப் போடுவோம். தவறு அங்கேதான் நேர்கிறது. குன்றின் உச்சிக்குச் சற்று வலப்பக்கமே கோட்டைப் போட்டு, அதற்கு அப்பால் உள்ள பரப்பை நிழலிடுகிறோம். பார்க்கிற பிள்ளைக்கு ஐந்தில் ஒரு மோதல் வினையாகிவிடும் போலத் தோன்றுகிறது.

உண்மையான அளவில் போட்டுப் பார்ப்போம். கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் குன்றின் உச்சியைத் தொடக்கப் புள்ளியிலிருந்து ஒரு சாண் தள்ளி வரைந்தால், கோடு நாலரைச் சாண் தள்ளி நிற்கும். உச்சியை ஒரு மீட்டர் உயரத்துக்கு வரைந்தாலும், அந்தக் கோடு நிற்கும் இடத்தில் வளைகோட்டின் உயரம் ஒரு தலைமுடியின் தடிமனில் நூற்றுக்கணக்கில் ஒரு பங்குதான். சாக்பீஸால் அதை வரையவே முடியாது. 300 கெல்வினில் அந்த வரம்பைத் தாண்டும் மோதல் சுமார் 50 கோடியில் ஒன்று. காற்றில் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி முறை மோதுகிறது. அதனால்தான் இவ்வளவு அரிதான மோதலை நம்பியும் வினை நடக்கிறது.

இப்போது பத்து டிகிரி கூட்டுங்கள். குன்றின் உச்சி வலப்பக்கம் நகர்வது நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறாததால் மொத்தப் பரப்பு அப்படியே இருக்க வேண்டும். ஆகவே குன்று இம்மியளவு தாழ்ந்து அகலமாகிறது. இரண்டு வளைகோடுகளையும் பிரித்துப் பார்ப்பதே சிரமம். ஆனால் நாலரைச் சாண் தள்ளி, அந்த வாலில், 50 கோடியில் ஒன்று என்பது சுமார் 27 கோடியில் ஒன்று ஆகிவிடுகிறது. குன்று அசைந்தது தெரியவில்லை, வால் இரு மடங்கு தடித்துவிட்டது.

மறுநாள் அவளுக்கு மீன் கணக்கைச் சொன்னேன். மீனைக் கெடுப்பவை அதன் உடலில் உள்ள நொதிகளும் பாக்டீரியாக்களின் நொதிகளும். அவற்றின் வினைகளுக்கும் சுமார் 50 கிலோஜூல் என்று கொண்டால், ஐஸில் வேகம் ஐந்து சதவீதம் குறையும்போதே வரம்பைத் தாண்டும் மோதல்கள் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகின்றன. பாக்டீரியாக்கள் பெருகுவதும் குளிரில் தளர்ந்துவிடும். அதனால் உண்மையான மீனில் கணக்கு இவ்வளவு நேராக இருக்காது. ஆனாலும் ஐஸ் வேலை செய்யும் இடம் அந்த வால்தான்.

அடுத்தது வினையூக்கி. "அது மூலக்கூறுகளுக்கு ஆற்றல் கொடுக்கிறது" என்று எழுதும் விடைத்தாள்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. வினையூக்கி குன்றைத் தொடுவதே இல்லை. அது கோட்டை நகர்த்துகிறது. இன்னும் சரியாகச் சொன்னால், பழைய வழி அப்படியே இருக்க, உயரம் குறைந்த இன்னொரு வழியைத் திறந்துவிடுகிறது.

மருந்துக் கடையில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு தானாகச் சிதைய மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல் வேண்டும். நம் பலகையில் கோடு ஐந்தரைச் சாணில் நிற்கிறது. ஒரு சிட்டிகை பொட்டாசியம் அயோடைடு போட்டால் வேறு வழி பிறக்கிறது. அயோடைடு அயனி பெராக்சைடிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. பிறகு இன்னொரு பெராக்சைடு மூலக்கூறு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஆக்சிஜன் வாயுவாக வெளியேற்ற, அயோடைடு பழையபடி மீள்கிறது. இந்த வழிக்குச் சுமார் 56 கிலோஜூல் போதும். கோடு ஐந்தரைச் சாணிலிருந்து நாலேமுக்கால் சாணுக்கு வருகிறது. ஒரு சாண்கூட நகரவில்லை, வரம்பைத் தாண்டும் பங்கோ சுமார் இரண்டாயிரம் மடங்கு கூடிவிட்டது. வினையூக்கி இல்லாமல் சூட்டால் மட்டுமே இந்த இரண்டாயிரம் மடங்கை எட்ட வேண்டுமானால் 27 டிகிரியிலிருந்து சுமார் 128 டிகிரிவரை ஏற்ற வேண்டும்.

வரம்பைத் தாண்டிய மோதல் எல்லாமே வினையாகிவிடாது, சரியான கோணத்தில் மோத வேண்டும். அந்த வாய்ப்பும் வழிக்கு வழி மாறும். அதனால் இரண்டாயிரம் என்பதை ஆற்றல் கணக்கின் பங்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைச் செய்து காட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நுரை பொங்கத் தொடங்கியதும் கண்ணாடி டம்ளர் சுடும். "பாருங்கள் டீச்சர், வினையூக்கி சூடு கொடுக்கிறது" என்று பிள்ளைகள் கூவுவார்கள். அந்தச் சூடு பெராக்சைடு சிதைவதால் வருவது. முதலில் கோடு நகர்ந்தது, பிறகு வந்த சூட்டில் குன்றும் நகர்கிறது. அதனால்தான் நுரை போகப் போக வேகமெடுக்கிறது. வெப்பமானியைத் தொடக்கத்திலிருந்தே உள்ளே வைத்திருந்தால் எது முதலில் நடந்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

அந்த மாணவி ஒரு நாள் வீட்டிலிருந்து பாறை மீனின் ஈரலை இரண்டு துண்டாக நறுக்கிக் கொண்டுவந்தாள், ஒன்று பச்சையாக, மற்றொன்று அவித்து. ஈரலில் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. பெராக்சைடைச் சிதைப்பதில் அயோடைடு அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. பச்சைத் துண்டைப் போட்டதும் நுரை டம்ளர் விளிம்பைத் தாண்டி மேஜையில் வழிந்தது. அவித்த துண்டு அடியில் போய் அசையாமல் கிடந்தது. "சூடேற்றினால் வேகம் கூடும் என்றீர்களே?" என்றாள். கொதிநீரில் நொதியின் மடிப்புக் குலைந்துவிட்டது, அது திறந்து வைத்திருந்த வழியும் மூடிவிட்டது என்றேன். அவள் சாக்பீஸை வாங்கிப் பலகைக்குப் போய், சாண் வைத்து அளந்து, கோட்டை மறுபடி ஐந்தரைச் சாணில் போட்டாள்.