சால்மனை விடுங்கள், சூரையைப் பாருங்கள்
‘பண்ணை சால்மனுக்கு ஊசி போட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள்’ என்று மீன் நிறத்தைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்கிறது. கடையில் விற்கும் சூரை மீனின் சிவப்பும் இப்படித்தானா என்று அதன் கீழே ஒருவர் கேட்டிருந்தார். ஊசியெல்லாம் கிடையாதுங்க, எல்லாம் தீவனத்தில்தான். கடல் சால்மன், இறால் போன்ற கிரில் என்ற சின்ன உயிர்களையும் இறால் வகைகளையும் தின்று அவற்றிலுள்ள அஸ்டாசாந்தின் என்ற நிறமியைச் சதையில் சேர்த்துக்கொள்கிறது. பண்ணையில் அந்த இரை இல்லாததால் அதே நிறமியைத் தீவனத்தில் கலக்கிறார்கள், இல்லாவிட்டால் சதை வெளிறிப்போய்த்தான் இருக்கும், டிரவுட் மீனுக்கும் இதே கதைதான். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல, தீவனத்தில் மக்காச்சோளம் குறைந்தால் மஞ்சள்கரு வெளுத்துவிடும். ஆனால் அவர் கேட்ட சூரை விஷயம் வேறு. அதன் சிவப்பு தீவனத்தால் வருவதல்ல, தசையிலுள்ள மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதத்தால் வருவது, வெட்டி வைத்தால் அது தானாகப் பழுப்பாகிவிடும். அதைத் தடுக்கக் கார்பன் மோனாக்சைடு வாயுவைப் பாய்ச்சுகிறார்கள். அது மயோகுளோபினோடு ஒட்டிக்கொண்டு, மீன் கெட்ட பிறகும் பளிச்சென்ற சிவப்பைக் காட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு அனுமதி இல்லை. மீனில் ஒட்டியிருக்கும் வாயுவே விஷம் என்று பயப்பட வேண்டாம், பயம் மீன் கெடும்போது அதில் உருவாகும் ஹிஸ்டமின் என்ற பொருளுக்குத்தான்: குளிர் குறைந்து அது மீனில் சேர்ந்துவிட்டால் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து தலை வலிக்கும். கோயம்புத்தூர் கடையில் வாங்கிய ஒரு துண்டு ஃபிரிட்ஜில் கிடந்தும் ஓரம்கூடப் பழுப்பாகாமல் அப்படியே சிவப்பாக இருந்தது, நான் தூக்கிப் போட்டுவிட்டேன்.