பந்தய நாளில் வலி மாத்திரை வேண்டாம் என்று ஏன் சொல்கிறோம்

நீண்ட தூர ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி தருகிறவர்கள் பலரும் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருப்போம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன் போன்ற அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரைகளைப் பந்தயத்துக்கு முன்பும் பந்தயத்தின் நடுவிலும் போடாதீர்கள் என்போம். ஏன் என்று கேட்டால் பெரும்பாலானோர் சொல்லும் பதில், "வலி தெரியாமல் ஓடினால் காயம் பெரிதாகிவிடும்" என்பது. இந்தப் பதில் உண்மைதான். ஆனால் இதைக் கேட்ட ஓட்டக்காரர் எவரும் மாத்திரையைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. "என் முழங்கால், என் பொறுப்பு. மாதக்கணக்கில் தயாராகிவிட்டு ஒரு வலிக்காக நிற்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருப்பதையும் நான் மறுக்க மாட்டேன்.

அதனால் முழங்காலை விட்டுவிட்டுச் சிறுநீரகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். என் எதிர்ப்பின் முதன்மைக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

ஓய்வாக இருக்கும்போது இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அதாவது நிமிடத்துக்குச் சுமார் ஒரு லிட்டர். ஓடத் தொடங்கியதும் இந்தப் பங்கீடு மாறுகிறது. தசைகளுக்கு ரத்தம் வேண்டும். உடல் சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் வேண்டும். எனவே சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் போகும் ரத்தக்குழாய்களை உடல் தானாகவே இறுக்கிவிடுகிறது. மணிக்கணக்கில் வியர்த்து, குடிக்கும் தண்ணீர் ஈடுகொடுக்காமல் போகும்போது இந்த இறுக்கம் இன்னும் கூடுகிறது. இப்படியே விட்டால் சிறுநீரகத் திசு பட்டினி கிடக்கும். அதைத் தடுக்கத்தான் சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அங்கேயே சுரந்து, தனக்குள் ரத்தம் வரும் நுண்குழாயைத் திறந்து வைத்துக்கொள்கிறது. நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த ஏற்பாடு பெரிதாகத் தேவைப்படாது. வெயிலில் ஆறாவது மணி நேரமாக ஓடிக்கொண்டிருப்பவருக்கு அதுதான் கடைசித் தற்காப்பு.

அழற்சி மாத்திரை வேலை செய்வதே உடலில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்துத்தான். முழங்காலில் மட்டும் தடுத்துவிட்டுச் சிறுநீரகத்தில் விட்டுவை என்று அதற்குக் கட்டளையிட முடியாது. பல்வலிக்கு வீட்டில் இருந்தபடி போட்டு எந்தத் தொல்லையும் இல்லாமல் தப்பிக்கிற அதே 400 மில்லிகிராம், ஓட்டத்தின் நடுவில் வேறு மாதிரி நடந்துகொள்வதற்குக் காரணம் இதுதான். மருந்தும் அளவும் அவையே. சிறுநீரகத்தின் நிலைமைதான் முற்றிலும் வேறு.

இது வெறும் பாடநூல் விளக்கம் இல்லை. ஓட்டத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், மாரத்தானைவிட நீளமான, பல நாள் நடக்கும் அல்ட்ரா ஓட்டங்களின் 80 கிலோமீட்டர் கட்டத்தில் 89 பேர் பங்கேற்றார்கள். ஒரு பாதியினருக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபெனும், மறு பாதியினருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. முடிவில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, போலி மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதத்தினருக்குச் சிறுநீரகத் திடீர் பாதிப்பு இருந்தது. ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் அது 52 சதவீதம். அதாவது மாத்திரை எடுத்த ஐந்தாறு பேரில் ஒருவருக்குக் கூடுதலாகப் பாதிப்பு.

இந்த எண்களை நேர்மையாகப் படிக்க வேண்டும். ஆய்வில் பங்கேற்றவர்கள் குறைவு. இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதைப் புள்ளியியல் கணக்கு ஒதுக்கிவிடவில்லை. ஆகவே இதை இறுதித் தீர்ப்பாக நான் காட்ட மாட்டேன். ஆனால் என் கண் நிற்பது அந்த 34இல். மாத்திரையே போடாதவர்களிலும் மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரகம் திணறியிருக்கிறது. ஓட்டம் ஏற்கெனவே அந்த உறுப்பை விளிம்பு வரை தள்ளிவிடுகிறது என்பதுதான் பொருள். அந்த விளிம்பில் நிற்கும்போது, அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் ஒன்றை நாமே ஏன் எடுத்துவிட வேண்டும்?

நடைமுறையில் இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். ஒருவர் 80 கிலோமீட்டர் ஓட்டத்தில் இருக்கிறார். ஓய்வு நிலையில் அவருடைய ரத்தத்தில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின், டெசிலிட்டருக்கு 0.9 மில்லிகிராம். தொடக்கத்துக்கு அரை மணி முன்பு, "பாதுகாப்புக்காக" 400 மில்லிகிராம் போட்டுக்கொள்கிறார். அப்போது அவருக்கு எந்த வலியும் இல்லை. ஐபுப்ரோஃபெனின் பாதி இரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும். எனவே ஐந்தாவது மணியில் தொடை கனக்கும்போது மாத்திரை தீர்ந்துவிட்டதாக உணர்ந்து இரண்டாவதைப் போடுகிறார். வெயில் ஏறிவிட்டது. வயிறு புரட்டத் தொடங்குகிறது. இதற்கும் அதே மாத்திரை ஒரு காரணமாக இருந்திருக்கலாம், ஏனெனில் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான். குமட்டலால் அவர் குடிப்பதைக் குறைக்கிறார், குடித்ததும் வாந்தியாகிறது. உடலில் நீர் மேலும் வற்றுகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் மேலும் சுருங்குகிறது. ஒன்பதாவது மணியில் மூன்றாவது மாத்திரை. கடைசியாகச் சிறுநீர் கழித்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதை அவர் கவனிக்கவே இல்லை.

இறுதிக் கோட்டைத் தாண்டிவிடுகிறார். பதக்கம், படங்கள், வாழ்த்துகள். அப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியேட்டினின் 1.4 என்று இருக்கும். ஓய்வு அளவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டால் மருத்துவர்கள் அதைச் சிறுநீரகத் திடீர் பாதிப்பு என்றே வகைப்படுத்துகிறார்கள். அவருக்கோ உடல் அசதியைத் தவிர வேறெதுவும் தெரியாது. இரண்டொரு நாள் தண்ணீரும் ஓய்வும் கிடைத்தால் பெரும்பாலானோருக்கு இந்த எண் தானாக இறங்கிவிடும். "நான் எப்போதும் போடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆனதில்லை" என்று பலர் சொல்வது இதனால்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. இந்த மாதிரிப் பாதிப்பில் சிறுநீரகம் பொதுவாக வலிப்பதில்லை. ரத்தப் பரிசோதனை செய்யாதவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் ஆனது தெரியவில்லை என்பதும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

ஆபத்து எப்போது பெரிதாகிறது என்றால், கடும் வெயிலும் வாந்தியும் தசைச் சிதைவும் ஒரே நாளில் சேரும்போது. நீண்ட இறக்கங்களில் ஓடும்போது தொடைத் தசை நார்கள் உடைந்து, மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலக்கிறது. அதை வடிகட்டும் வேலையும் ஏற்கெனவே ரத்தம் குறைந்து கிடக்கும் சிறுநீரகத்தின் தலையில்தான் விழுகிறது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தாலோ, ஓட்டம் முடிந்து நன்றாகக் குடித்தும் பல மணி நேரம் சிறுநீரே வராவிட்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகிறபோது என்ன மாத்திரை, எத்தனை, எப்போது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் அது இரைப்பை ரத்தக்கசிவாக இருக்கலாம். அதற்கும் இதே அவசரம்தான்.

2010இல் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த மாரத்தானில் பங்கேற்ற ஏறக்குறைய 4,000 பேரிடம் விவரம் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேர் ஓட்டத்துக்கு முன்பே வலி மாத்திரை போட்டிருந்தார்கள். பின்னர் மருத்துவமனையில் சேர்ந்த ஒன்பது பேருமே மாத்திரை போட்டவர்கள். அவர்களில் மூவர் ஐபுப்ரோஃபென் எடுத்த பிறகு தற்காலிகச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளானவர்கள். இது ஓட்டக்காரர்களே சொன்ன தகவல், காரணத்தை நிரூபிக்காது என்பதும் உண்மை. ஆனாலும், அது அதிகபட்சம் 42 கிலோமீட்டர் ஓட்டம்தான், அல்ட்ராகூட இல்லை.

சரி, இத்தனை ஆபத்துக்கு ஈடாக ஏதாவது கிடைக்கிறதா? என்னை உண்மையில் கோபப்படுத்துவது இந்த இடம்தான். அமெரிக்காவின் 160 கிலோமீட்டர் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தில், ஐபுப்ரோஃபென் போட்டு ஓடியவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டார்கள். 2006இல் அந்த முடிவு வெளியானது. போட்டவர்கள் வேகமாக ஓடவில்லை. தசைச் சேதமும் பின்னர் வந்த தசைவலியும் குறையவில்லை. அழற்சியைக் குறைக்கும் என்று நம்பிப் போட்ட மாத்திரைக்குப் பிறகு, ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் கூடுதலாகவே இருந்தன. குடல் சுவர் தளர்ந்து, பாக்டீரியா நச்சுகள் ரத்தத்துக்குள் கசிந்ததையும் கண்டார்கள். எதற்காகப் போட்டார்களோ அந்தப் பயனே கிடைக்கவில்லை என்றால், இந்தப் பழக்கத்துக்கு என்ன நியாயம் மிச்சம் இருக்கிறது?

ஒரு குழுவினரை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். நடுத்தர வயதில் ஓடத் தொடங்கியவர்களில் பலர் ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறார்கள். அந்த மருந்துகளில் சில வகைகள், குறிப்பாக ராமிப்ரில், லோசார்டான் போன்றவையும் சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகளும், சிறுநீரகத்தின் அழுத்தச் சமநிலையை வேறு வழியில் மாற்றுகின்றன. அவற்றோடு அழற்சி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குத் தப்பிக்க வழியே இருக்காது. நீங்கள் இந்த வகையினர் என்றால் பந்தயத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த எந்த மருந்தையும், இதயத்துக்கான ஆஸ்பிரின் உட்பட, என் பதிவைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பாராசிட்டமால் பரவாயில்லையா என்று உடனே கேட்பீர்கள். அது இந்த வகை மருந்து இல்லை, சிறுநீரகத்தை இதே வழியில் தாக்குவதும் இல்லை. ஆனால் அளவு கூடினால் கல்லீரலைப் பாதிக்கும். களைப்பில் எத்தனை போட்டோம் என்ற கணக்கும் தவறும். வலி இல்லாமலே முன்னெச்சரிக்கையாக அதைப் போடுவதையும் நான் ஏற்க மாட்டேன்.

என் குழுவில் இருப்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் விதி இதுதான். பந்தயத்துக்கு முந்தைய இரண்டு நாள்கள் அழற்சி மாத்திரை கிடையாது; அது இல்லாமல் தொடக்கக் கோட்டுக்கு வர முடியாத அளவு வலி இருந்தால் அந்தப் பந்தயமும் கிடையாது. முடிந்த பிறகும் அவசரப்படக் கூடாது. குடித்து, சாப்பிட்டு, சிறுநீர் வெளிர் மஞ்சளாகத் தாராளமாக வரத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் வலி தாங்க முடியவில்லை என்றால் யோசிக்கலாம்.

பந்தயம் நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வழியில் உள்ள உதவி மேசைகளில் தன்னார்வலர்கள் நல்லெண்ணத்தோடு வலி மாத்திரையை எடுத்து நீட்டுகிறார்கள். ஓடி வருகிறவர் காலையிலிருந்து எத்தனை போட்டார், என்ன மருந்து சாப்பிடுகிறவர், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த மேசையிலிருந்து மாத்திரையை எடுத்துவிட்டு மருத்துவரின் பெட்டிக்குள் வையுங்கள். கேட்டு வருகிறவரை அவரிடம் அனுப்புங்கள்.