"வெட்டிட்டாவொளாம்" என்பதில் இருக்கிற அந்த "ஆம்"

கிராமத்துக் கூட்டத்தில் பேசியதை போனில் பதிவு செய்து, அதை ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு சேர்த்துக் கொடுப்பது எங்கள் சங்கத்து வழக்கம். சுருக்குகிற வேலை என் தலையில். திருத்துறைப்பூண்டிப் பக்கம், வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடை. பேச்சும் கெட்டியான கடைமடைப் பேச்சு. உதவிக்கு வருகிற காலேஜ் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணே, சேடைன்னா என்ன, பொதின்னா என்ன, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க" என்பதைத்தான்.

எழுதிக் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் சொல் தெரியாததால் கெட்டுப்போன சுருக்கத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. தெரியாத சொல் வந்தால் எவரும் நின்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிடுகிறார்கள். எல்லாச் சொல்லும் தெரிந்ததாகவே இருந்து, வாக்கியம் மட்டும் வேறு எதையோ சொல்கிற இடத்தில்தான் ஒருத்தரும் நிற்பதில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் ஒருவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார், யார் சொல்லிக் கேட்டுச் சொல்கிறார் என்பதெல்லாம் வினையின் வாலிலும் குரலிலும் இருக்கிறது. சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

ஒரு பெரியவர் பேசியதில் ஒரு துண்டை அப்படியே தருகிறேன். ஒரு நிமிஷம்கூட வராது.

"நல்லா வந்துச்சு தண்ணி! மேட்டூரு தொறந்தா மூணு வாரத்துல வந்துரும்னாவொ. வாய்க்கா வெட்டிட்டாவொளாம். எவன் பாத்தான்? மதகுக்கு அந்தாண்ட வெட்டுனாவொ, இல்லங்கல. இந்தாண்ட கோரையும் சம்பும் மண்டிக் கெடக்கு. களவாணிப் பய, கான்ட்ராக்ட்டுக்காரன், மிசின எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நம்ம ஆறு மா போச்சு தம்பி, போயே போச்சு."

இதை ஒரு பிள்ளை கேட்டு எழுத்தில் இறக்கினார், இன்னொருவர் அந்த எழுத்தை மட்டும் பார்த்துச் சுருக்கினார். வந்தது இது: "தண்ணீர் வந்தபோதிலும் பயிர் பாதிக்கப்பட்டுள்ளது. வாய்க்கால் தூர்வாரப்பட்டுவிட்டது. ஒப்பந்ததாரர் முறைகேடு செய்துள்ளார். எங்கள் கிராமத்தில் 6 மா பயிர் முழுமையாக அழிந்துவிட்டது."

நாலு வாக்கியம், நாலும் தவறு. இத்தனைக்கும் அந்தத் துண்டில் அகராதியைத் தேட வைக்கிற சொல் ஒன்றுகூட இல்லை. இரண்டு பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள், தமிழில் நல்ல மார்க் வாங்கியவர்கள் வேறு.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். "நல்லா வந்துச்சு தண்ணி" என்று அவர் சொன்னது ஏளனத்தில். வரவில்லை என்று அர்த்தம். "வந்து கிழிச்சுச்சு" என்று சொல்லியிருந்தால் எவருக்கும் விளங்கியிருக்கும். இந்த ஏளனம் "நல்லா" என்பதை இழுத்த இழுப்பில் மட்டும் இருந்தது, எழுத்தில் இறக்கியதும் அது போய்விட்டது. அதனால் எழுத்தில் இறக்கியதைப் பார்த்து இன்னொரு ஆள் சுருக்குகிற ஏற்பாட்டையே நான் ஏற்பதில்லை. சுருக்குகிறவர் காதால் கேட்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால், இறக்குகிறவர் அந்த இடத்தில் "ஏளனமாக", "சிரித்துக்கொண்டு", "கோபத்தில்" என்று அடைப்புக்குறிக்குள் போட்டாக வேண்டும். காதில் சந்தேகம் வந்தால் அடுத்த வாக்கியம் காட்டிக்கொடுக்கும். தண்ணீர் உண்மையிலேயே வந்திருந்தால், "மூணு வாரத்துல வந்துரும்னாவொ" என்று அடுத்தவர் கொடுத்த வாக்கை அவர் ஏன் இழுக்கிறார்?

அடுத்தது வாய்க்கால். "வெட்டிட்டாவொ" என்றால் வெட்டினார்கள், அவர் அறிந்து சொல்கிறார். "வெட்டிட்டாவொளாம்" என்றால் வெட்டிவிட்டதாக யாரோ சொல்லிக்கொள்கிறார்கள், இவர் அதற்குப் பொறுப்பில்லை. அதற்கு மேல் "எவன் பாத்தான்?" என்ற கேள்வி வேறு. அது கேள்வியே இல்லை, நம்பவில்லை என்கிறார். இந்த "ஆம்" போனால், அரசாங்கத்துக்கு எதிராகச் சொன்ன குறை அரசாங்கத்துக்கே நற்சான்றிதழ் ஆகிவிடும். தூர்வாரப்பட்டுவிட்டது என்று விவசாயிகளே எழுதிக் கொடுத்த மனு என்று எடுத்து நீட்டினால் சங்கம் என்ன பதில் சொல்லும்?

ஆனால் இதன் மறுபக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. அதே மூச்சில் அவர் "மதகுக்கு அந்தாண்ட வெட்டுனாவொ, இல்லங்கல" என்கிறார். இங்கே ஆம் இல்லை. அவர் கண்ணால் பார்த்தது. நியாயமான மனிதர், செய்ததைச் செய்தார்கள் என்றே சொல்கிறார். நம் பக்கத்துக்கு வலு சேர்க்க வேண்டும் என்று "தூர்வாரவே இல்லை" என எழுதினால் அதுவும் அவர் பேச்சுக்குத் துரோகம்தான். மதகுவரை வேலை நடந்திருக்கிறது, மதகுக்குக் கீழே நடக்கவில்லை. இதில் இன்னொரு வசதியும் உண்டு. பொறியாளர் நேரில் வந்து பார்த்தால் மனுவில் எழுதியதும் கண்ணில் படுவதும் ஒன்றாக இருக்கும்.

வசவு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "களவாணிப் பய" என்பது எங்கள் பக்கம் பேரனைக் கொஞ்சும்போதும் வரும், மாடு கொல்லையில் மேய்ந்தாலும் வரும். ஒப்பந்தக்காரர் காசு தின்றார் என்று பெரியவர் எங்கேயும் சொல்லவில்லை. வேலையைப் பாதியில் விட்டு மிசினை எடுத்துக்கொண்டு போனார் என்பதுதான் குறை. அதை "முறைகேடு" என்று எழுதினால் ஒரு குற்றச்சாட்டு பிறந்துவிடுகிறது. ஆதாரம் எங்கே என்று நாளைக்குப் பெரியவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். வசவை அலுவலகத் தமிழுக்கு ஏற்றாதீர்கள் என்பது என் கட்சி. வசவுக்குப் பின்னால் ஒரு செயல் இருந்தால் செயலை எழுதுங்கள். செயல் இல்லை என்றால் "கடும் கோபம் தெரிவித்தார்" என்பதோடு நிறுத்துங்கள்.

இப்போது அந்த ஆறு மா. இதில்தான் எனக்கு நேரம் அதிகம் பிடிக்கும். "நம்ம ஆறு மா" என்றால் ஊருக்கே ஆறு மாவா, அவருடையது ஆறு மாவா? எங்கள் பக்கம் சொந்த வயலையும் "நம்ம வயலு" என்றுதான் சொல்வோம். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு பேசுகிற மரியாதை அது. இது அவர் சொந்த நிலம். 100 குழி ஒரு மா, மூன்று மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். ஆக அவர் சொல்வது சுமார் 2 ஏக்கர். ஒரு கிராமத்துக்கே 2 ஏக்கர்தான் பாதிப்பு என்று மனு போனால் மேசையில் இருக்கிறவர் அடுத்த காகிதத்துக்குப் போய்விடுவார். "6 மா" என்றே எழுதிவிட்டுப் பக்கத்தில் "சுமார் 2 ஏக்கர்" என்று போடுவதுதான் சரி. வெறும் ஏக்கராக மாற்றிவிட்டால், வாசித்துக் காட்டும்போது அவருக்கே அது தன் நிலம் என்று தெரியாது.

"போயே போச்சு" என்றாரே, முழுசும் போனதா? பதிவில் பத்து நிமிஷம் தள்ளிப் போனால் அவரே வேறு யாருக்கோ பதில் சொல்கிறார்: "மாவுக்கு ஒம்போது மூட்ட கண்ட நெலம். இப்ப மூணு தேறுனாப் பெருசு." மூன்றில் ஒரு பங்கு தேறும் என்பது அவர் கணிப்பு. முன்னால் சொன்னது வயிற்றெரிச்சல், பின்னால் சொன்னது கணக்கு. சுருக்கத்தில் போக வேண்டியது கணக்கு. பேரிடர் நிவாரணத்துக்கு 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் இருந்தால்தான் இடுபொருள் மானியம். அவர் கணக்கில் சேதம் மூன்றில் இரண்டு பங்கு, வரம்பைத் தாண்டியாயிற்று. இதில் போய் "முழுமையாக அழிந்தது" என்று எழுதினால், வி.ஏ.ஓ. வந்து நிற்கிற கதிரைப் பார்ப்பார், மனுவைப் பார்ப்பார், மிச்சம் எழுதியிருப்பதையும் சேர்த்தே சந்தேகப்படுவார்.

மூட்டையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டிலும் வியாபாரியிடமும் பேசுகிற மூட்டை 60 கிலோவை ஒட்டியது, கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. அவர் எதைச் சொன்னார் என்று பதிவில் இல்லை. ஒன்பதும் மூன்றும் ஒரே மூட்டை என்பதால் பங்கு மாறாது, ஆனால் கிலோவாக எழுதப் போனால் நாமே ஒரு எடையை ஊகித்தாக வேண்டும். அதனால் மூட்டை என்றே விட்டு, எடை குறிப்பிடவில்லை என்று எழுதினேன்.

அதே கூட்டத்தில் அதிகாரி ஒருவரும் பேசினார். "அதெல்லாம் செஞ்சிரலாங்க, நாம வெட்டிடலாம்" என்றார். கை தட்டினார்கள். பிள்ளைகள் "தூர்வாரித் தருவதாக உறுதியளித்தார்" என்று எழுதிவிட்டார்கள். "நாங்க வெட்டித் தர்றோம்" என்று சொல்லியிருந்தால் அது வாக்கு. "நாம வெட்டிடலாம்" என்பதில் கை தட்டியவர்களும் சேர்த்தி. தேதி இல்லை, எந்த நிதி என்பது இல்லை, செய்கிற ஆளும் இல்லை. நான் போட்டது: "'நாம வெட்டிடலாம்' என்றார், காலக்கெடு எதுவும் சொல்லவில்லை." அவர் சொன்னதை அவர் வாயாலேயே வைத்தால் சண்டையும் இல்லை, பொய்யும் இல்லை.

மொத்தத்தையும் கொச்சையிலேயே கொடுத்துவிடலாமே, ஏன் சுருக்க வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்கிறார். மேசையில் இருப்பவர் கொங்குப் பக்கத்துக்காரராக இருக்கலாம், சென்னைக்காரராக இருக்கலாம், இரண்டாவது வரியிலேயே விட்டுவிடுவார். அதனால் நடை எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பொருள் நடையோடு சேர்ந்து மாறிவிடும் என்று தோன்றுகிற இடத்தில் மட்டும் அவர் சொன்னதை மேற்கோளுக்குள் வைக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பதிவின் எத்தனையாவது நிமிஷம் என்று எண் போடுகிறேன். எண் போட முடியாத வரி வந்தால் அது பெரும்பாலும் நாமே சேர்த்த வரி. இன்னொரு அடையாளமும் சொல்கிறேன்: பக்கம் முழுக்க எல்லா வாக்கியமும் ஒரே உறுதியோடு "உள்ளது", "விட்டது" என்று முடிந்தால், நான் மறுபடி இயர்போனை மாட்டிவிடுவேன். எங்கள் ஊரில் யாரும் ஒரு மணி நேரம் அவ்வளவு உறுதியாகப் பேசுவதில்லை.

கடைசியில் மனுவோடு போனது இது:

"மேட்டூர் திறந்தால் மூன்று வாரத்தில் தண்ணீர் வரும் என்று சொல்லப்பட்டதாகவும், ஆனால் வரவில்லை என்றும் கூறினார். வாய்க்கால் வெட்டியாயிற்று என்று பேச்சு இருப்பதை அவர் நம்பவில்லை. மதகுக்கு மேல் வெட்டியதை ஒப்புக்கொள்கிறார். மதகுக்குக் கீழே கோரையும் சம்பும் மண்டியிருப்பதாகவும், ஒப்பந்தக்காரர் இயந்திரத்தை எடுத்துச் சென்றுவிட்டதாகவும் கோபத்துடன் சொன்னார். தன் 6 மா நிலத்தில் (சுமார் 2 ஏக்கர்) மாவுக்கு ஒன்பது மூட்டை கண்ட இடத்தில் மூன்று தேறினாலே பெரிது என்பது அவர் கணிப்பு. மூட்டையின் எடை குறிப்பிடவில்லை."

பிள்ளைகள் எழுதியதைவிட நீளம்தான். ஒரு பக்கத்துக்குள் அடக்க, கூட்டத்தில் ரேஷன் கடையைப் பற்றியும் பஸ் நிற்காததைப் பற்றியும் பேசியதை எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டேன் என்பதையும் கீழே ஒரு வரியில் எழுதியிருக்கிறேன்.