துண்டுக்கும் நாடி பார்த்த வாட்ச்

சித்தி பையன் காலேஜில் சேர்ந்த கையோடு ஸ்மார்ட்வாட்ச் வாங்க வேண்டும் என்று வந்து நின்றான். கையில் இருப்பது சின்னத் தொகை. போனில் ஒரு வாட்ச் படத்தைக் காட்டி, "அண்ணா, இதுல பிபி, ஆக்சிஜன், சுகர் எல்லாம் பார்க்குமாம். இதைவிட பத்து மடங்கு விலை உள்ள வாட்ச்லகூட சுகர் இல்லையாம்!" என்றான். ஏன் இல்லை என்று மட்டும் அவன் யோசிக்கவில்லை.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. என் முதல் வாட்ச்சை நானும் இப்படித்தான் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைப் படித்து வாங்கினேன். வாங்கிய ஒரு வாரத்தில், சும்மா இருந்த கையால், ஒரு துண்டைச் சுருட்டி அதற்கு வாட்ச்சைக் கட்டிவிட்டேன். அரை நிமிடத்தில் இதயத்துடிப்பு 76 என்று வந்தது. விடாமல் பிபியையும் அழுத்தினேன். 118க்கு 77. துண்டு நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். வாட்ச்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்குதான் நாடி பார்ப்பது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டுத் தோலுக்கடியில் ரத்தம் கொஞ்சம் கூடும், அப்போது திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சென்சார் எண்ணுகிறது. துண்டில் ரத்தம் இல்லைதான். ஆனால் வெளி வெளிச்சமோ சின்ன அசைவோ ஏதோ ஓர் ஏற்ற இறக்கத்தைக் கொடுக்கும். ஒழுங்கான மென்பொருள் பெரும்பாலும் "இது நாடி இல்லை" என்று கோடு போட்டுக் காட்டும், மட்டமானது நம்பும்படியான ஓர் எண்ணைத் தயாரித்துக் கொடுக்கும். நியாயமாகச் சொன்னால், நல்ல வாட்ச்சும் சில சமயம் இப்படிப் பொருட்களிடம் ஏமாறுவது உண்டு. அதனால் துண்டு சோதனையை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத வேண்டாம்.

அதைவிட உறுதியானது மாடிப்படி சோதனை. நண்பனின் வாட்ச்சை வாங்கிக் கட்டிக்கொண்டு மூன்று மாடி வேகமாக ஏறுங்கள். நின்றவுடன் கழுத்தில் இரண்டு விரல் வைத்து 15 விநாடிக்கு எண்ணி நாலால் பெருக்குங்கள். விரல் 132 என்று சொல்லும்போது வாட்ச் 120க்கு மேல் காட்டி, மூச்சு அடங்க அடங்க இறங்கினால் சரி, அது உண்மையிலேயே அளக்கிறது. எப்போதும் எழுபதுகளிலேயே உட்கார்ந்திருந்தால் அது ஊகம். ஓடும்போது இன்னொரு கோளாறும் வரும். கை வீச்சையே நாடி என்று எடுத்துக்கொண்டு, நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறோமோ அதையே துடிப்பாகக் காட்டிவிடும். வாட்ச்சை மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் மேலே தள்ளி, கொஞ்சம் இறுக்கமாகக் கட்டினால் இது குறையும்.

பிபி கதை வேறு. காற்றுப்பட்டை இல்லாத வாட்ச்சில் அதை முறையாகச் செய்ய முயல்பவர்கள்கூட, முதலில் கைப்பட்டைக் கருவியில் அளந்து அந்த எண்ணைக் கொடுக்கச் சொல்கிறார்கள், பிறகு அவ்வப்போது திரும்பவும் கேட்கிறார்கள். எதையும் கேட்காமல் பட்டனைத் தொட்டவுடன் எண் வந்தால் அதை நம்பாதீர்கள். சுகர் விஷயத்தில் சந்தேகப்படக்கூட வேண்டாம், நேராக ஒதுக்கிவிடலாம். ஊசி குத்தாமல் தானாகவே சர்க்கரை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று, மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. விலை கூடிய வாட்ச்சில் சுகர் இல்லாததற்குக் காரணம் இதுதான். சித்தி பையனுக்கு முகம் கொஞ்சம் வாடியது.

அப்புறம் மாணவனுக்கு இந்தச் சாமானில் என்னதான் பயன்? என் அனுபவத்தில் முதல் பயன், எந்த விளம்பரமும் பேசாத வைப்ரேஷன். அறையில் மூன்று பேர் தூங்கும்போது விடிகாலை அலாரம் உங்கள் கையை மட்டும் எழுப்ப வேண்டும். வகுப்பில் போன் பைக்குள் கிடக்க, வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் தெரிய வேண்டும். ஆனால் மலிவு வாட்ச்சில் நிறுவனம் காசு மிச்சம் பிடிக்கும் இடங்களில் இந்தச் சின்ன மோட்டாரும் ஒன்று. நடந்துகொண்டிருக்கும்போது அதிர்வு தெரிகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது எல்லா வாட்ச்சும் அதிரும்.

அடுத்தது நோட்டிஃபிகேஷன். அதில் நமக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது: யாரையாவது "கொஞ்சம் பொறு, கேட்டுச் சொல்கிறேன்" என்று தமிழில் ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். சில வாட்ச்சில் வரிசையாகக் கட்டங்கள்தான் தெரியும், தமிழ் எழுத்துருவே உள்ளே இல்லை என்று அர்த்தம். இன்னும் சிலவற்றில் எழுத்து வரும், ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி, புள்ளி தனியாகத் தொங்கும். எழுத்துரு இருக்கிறது, குறிகளை எழுத்தோடு சேர்த்து அமைக்கும் வேலை நடக்கவில்லை. என் பழைய வாட்ச்சில் அம்மா அனுப்பியதெல்லாம் கட்டங்கள்தான். எத்தனை கட்டம் வந்தது என்பதை வைத்து அவசரமா இல்லையா என்று ஊகிக்கப் பழகியிருந்தேன்.

நோட்டிஃபிகேஷன் அடிக்கடி நின்றுபோனால் உடனே வாட்ச்சைத் திட்ட வேண்டாம். பல நேரம் குற்றவாளி போன். பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் ஓடும் வாட்ச் ஆப்பை அது நிறுத்திவிடும். போனின் பேட்டரி அமைப்புக்குள் போய் அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஜிபிஎஸ் பற்றி அவன் கேட்டான். இந்த விலையில் பெரும்பாலும் போனுடைய ஜிபிஎஸ்ஸைத்தான் வாட்ச் கடன் வாங்கும். போனை அறையில் வைத்துவிட்டு ஓடினால், அடிகளை எண்ணி, உங்கள் உயரத்தை வைத்து ஊகித்த அடி நீளத்தால் பெருக்கி, தூரம் என்று சொல்லும். உண்மையில் 70 சென்டிமீட்டர் இருக்கும் அடியை அது 77 என்று எடுத்துக்கொண்டால், 5 கிலோமீட்டர் ஐந்தரையாகிவிடும். தினசரி நடைக்கு இது போதும். ஓட்டப் பயிற்சி எடுப்பவனுக்குப் போதாது, அவன் உள்ளேயே ஜிபிஎஸ் உள்ளதாகப் பார்த்து, வேறு எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். நூறு விளையாட்டு முறை என்று போட்டிருப்பதில் பெரும்பகுதி, அதே நேரத்தையும் நாடியையும் வேறு வேறு பெயரில் எழுதி வைப்பது.

பேட்டரி பத்து நாள் என்றால், திரை எப்போதும் எரியாமல், தொடர் நாடி அளவு இல்லாமல், ப்ளூடூத் அழைப்பு பேசாமல் பத்து நாள். எல்லாவற்றையும் போட்டால் இரண்டு மூன்று நாளில் சார்ஜருக்குப் போகும். அந்தச் சார்ஜர் கேபிளும் அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்கும், தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா என்று முன்பே பாருங்கள். வாட்ச்சில் பேசும் வசதியைத் தேடி வாங்கிய நான், பேருந்தில் ஒருமுறை பேசிப் பார்த்தேன். முன் சீட்டுக்காரர் திரும்பி எனக்குப் பதில் சொன்னார். அதோடு சரி.

கடைசியில் அவன் வாங்கியது சுகரும் பிபியும் இல்லாத, தமிழ் சரியாகத் தெரிகிற, வெயிலில் நேரம் படிக்க முடிகிற ஒரு சாதாரண வாட்ச். முதல் நாளே உட்கார்ந்து அழைப்பு, மெசேஜ், வகுப்புக் குழு தவிர மற்ற ஆப்களின் நோட்டிஃபிகேஷனை எல்லாம் அணைத்தோம். பல தேர்வறைகளில் ஸ்மார்ட்வாட்ச்சை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் என் பழைய முள் கடிகாரத்தையும் அவனிடம் கொடுத்தேன். "இதுல என்னண்ணா ஃபீச்சர்?" என்றான். தேதி காட்டும் என்றேன்.