விபூதியைக் கறையாக்குவது நாம்தான்

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டுச் சாமி கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டார். மூன்றே வாரத்தில் அவருடைய இரண்டு கறுப்பு வேட்டிகளும் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டன. மடிப்பில் வெள்ளைக் கோடு, இடுப்புப் பக்கம் மேகம் மாதிரி ஒரு படலம், முன்பக்கம் சந்தனம் சொட்டிய இடத்தில் காய்ந்த வட்டங்கள். நானும் நன்றாக ஊறவைத்து, சோப்புக்கட்டி போட்டுத் தேய்த்துத்தான் துவைத்தேன். துவைக்கத் துவைக்கப் படலம் கூடியதே தவிர குறையவில்லை. "சாமி, இந்த வேட்டி வயசாகிப்போச்சு, புதுசு வாங்கிக்கலாம்" என்று நானே சொல்லிவிட்டேன்.

பிறகுதான் புரிந்தது, தப்பு வேட்டியில் இல்லை, என் வாளியில் இருந்தது.

விபூதி என்பது கரையும் பொருள் இல்லை. அசல் விபூதி சாண வறட்டியை எரித்த சாம்பல். அதில் பெரும்பகுதி மணலின் இனத்தைச் சேர்ந்தது, தண்ணீரிலும் சோப்பிலும் கரையாது. கடையில் பாக்கெட்டில் வருவதில் பல, வாசனை போட்ட சுண்ணாம்புக்கல் மாவு. அதுவும் தண்ணீரில் கரையாது. ஆக இரண்டுமே துணியில் உட்கார்ந்த தூசிதான். சாயம் மாதிரி நூலுக்குள் ஏறாது, நூல்களுக்கு நடுவில் இருக்கும் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்திருக்கும்போது உதறினால் முக்கால்வாசி போய்விடும். நனைத்தோம் என்றால் சேறாகி இடுக்கில் இறங்குகிறது. வாளியில் ஊறவைத்தால் மடிப்பில் இருந்தது மொத்த வேட்டிக்கும் பரவுகிறது. நான் மூன்று வாரம் செய்தது அதைத்தான்.

இதற்கு மேல் எங்கள் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்புக்கட்டி நுரைக்காது, தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரியும். அந்தத் திரிதலும் துணியில் ஒட்டும். வெள்ளை வேட்டியில் அது கண்ணுக்குத் தெரியாது, கறுப்பு வேட்டி மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். எனவே என் கறுப்பு வேட்டியில் இருந்த சாம்பல் நிறத்தில் பாதி விபூதி, மீதி என் சோப்பு.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். வேட்டியை அவிழ்த்ததும் நனைக்கவே மாட்டேன். கொடியில் நிழலில் போட்டு நன்றாகக் காயவிடுவேன். சந்தனம் ஈரமாக இருந்தால் தொடக்கூட மாட்டேன். காய்ந்ததும் அது மேலே பொருக்காக நிற்கும், நகத்தால் தட்டினால் உதிரும். அப்புறம் மாடிக்குக் கொண்டுபோய், கறை உள்ள பக்கத்தைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து தட்டுவேன். பழைய பல்துலக்கும் பிரஷ், மெத்தென்று தேய்ந்துபோனது, அதை நூல் ஓடும் திசையிலேயே ஓட்டுவேன். வட்டமாகத் தேய்த்தால் துணி பஞ்சு கிளம்பி அந்த இடம் வெளுத்த மாதிரி தெரியும், அதைக் கறை என்று நினைத்து இன்னும் தேய்ப்போம். விடாப்பிடியான இடத்தில் செலோ டேப்பை ஒட்டி எடுத்தால் டேப்பில் வெள்ளை வரும்.

இதற்குப் பிறகுதான் தண்ணீர். அதையும் குழாயடியில், கறையின் பின்பக்கத்தில் விழும்படி. முன்பக்கம் விழுந்தால் துகள் உள்ளே போகும், பின்பக்கம் விழுந்தால் வெளியே தள்ளும். ஒரு நிமிடம் ஓடவிட்டுவிட்டு, திரவ டிடர்ஜென்ட் கொஞ்சம் போட்டுக் கசக்கி அலசுவேன். கட்டி சோப்பைக் கறுப்புத் துணிக்கு நான் நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது.

அப்படியும் படலம் மிஞ்சினால் வெள்ளை வினிகர். அரை லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, அந்த இடத்தை மட்டும் பத்து நிமிடம் முக்கிவைத்து நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். சுண்ணாம்பு மாவும் சோப்புத் திரிதலும் இரண்டுமே இதற்கு மசியும். முதலில் வேட்டியின் ஓரத்தில் ஒரு துளி விட்டு, வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள். கறுப்பு இறங்கினால் விட்டுவிடுங்கள். வினிகரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். கறுப்புத் துணிக்கு பிளீச்சிங்கே எமன், அது வேறு விஷயம்.

வினிகர் வேலை செய்யுமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. வீட்டு விபூதியில் ஒரு சிட்டிகையைக் கிண்ணத்தில் போட்டு ஒரு கரண்டி வினிகர் விடுங்கள். சோடா பாட்டில் திறந்த மாதிரி பொங்கி, அடியில் ஒன்றும் மிஞ்சாமல் போனால் அது சுண்ணாம்பு மாவு, துணியிலும் போய்விடும். லேசாகக் குமிழ் விட்டு அடியில் சாம்பல் தங்கினால் அது எரித்த சாம்பல். அதற்கு வினிகர் உதவாது, பிரஷ்ஷும் பொறுமையும்தான். எங்கள் வீட்டு பாக்கெட் விபூதி பொங்கியதை அத்தையிடம் காட்டினேன். "இத்தனை நாளா நெத்தியில சுவத்துக்கு அடிக்கிறதையா பூசினோம்" என்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

சந்தனத்துக்கு வருகிறேன். கல்லில் இழைத்த சந்தனம் வெளிர்ந்த மரத்தூள் நிறம்தான். கடையில் விற்கும் சந்தனப் பொடி பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் அந்த மஞ்சள் வேறு எதுவோ, மஞ்சள்தூளோ சாயமோ. வெள்ளைத் துணியில் தடவி சோப்பு வைத்துப் பாருங்கள், சிவந்தால் மஞ்சள்தூள். வெள்ளை வேட்டிக்காரர்கள் இந்த நிறத்தோடு சண்டை போட வேண்டும். கறுப்பு வேட்டிக்கு அந்தக் கவலை இல்லை, கறுப்பில் மஞ்சள் தெரியாது. அங்கே கண்ணில் படுவது நிறம் இல்லை, காய்ந்த மரத்தூள். அதனால் எலுமிச்சை, சமையல் சோடா, வெயில் என்று நிறத்தை எடுக்கும் வைத்தியம் எதையும் கறுப்புத் துணியில் செய்ய வேண்டாம். வெயில் மஞ்சளை எடுக்கும், கூடவே கறுப்பையும் எடுத்துவிடும்.

பட்டு என்றால் நான் தண்ணீர் பக்கமே போக மாட்டேன். காயவிட்டு, மெத்தென்ற துணியால் ஒற்றித் தட்டுவதோடு சரி. ஜரிகையில் வினிகர் படக்கூடாது. மிஞ்சியதை டிரை கிளீனிங்கில் கொடுக்கும்போது "இந்த இடத்தில் சந்தனம்" என்று விரல் வைத்துக் காட்டிவிட்டு வாருங்கள். எந்தத் துணியானாலும் கறை போகும் முன் இஸ்திரி வேண்டாம். நாவல்பழ நிறப் பட்டுப் புடவை ஒன்றில் நானே அந்த வேலையைச் செய்தேன், சந்தனத்தின் எண்ணெய் சூட்டில் இறங்கி, ஐந்து ரூபாய்க் காசு அளவு பழுப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

இனி பூஜை அறைக் கல். இங்கே கறையை விடக் கல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல வீடுகளில் "கறுப்பு கிரானைட்" என்று சொல்வது கிரானைட்டே இல்லை, கடப்பா. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை, புளிப்பு பட்டால் அரிக்கும். கிரானைட் அப்படி அரிக்காது. ஓரத்தைப் பாருங்கள், ஏடு ஏடாக அடுக்கு தெரிந்தால் கடப்பா. சின்னச் சின்ன மணிகள் மினுங்கினால் கிரானைட். சந்தேகம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் ஒரே ஒரு துளி வினிகர் விடுங்கள், நுரைத்தால் கடப்பா.

எனக்கு இது தெரியாமல் போனதன் விலை எங்கள் பழைய வீட்டுப் பூஜை மாடம். வெள்ளிக்கிழமை விளக்கை அங்கேயே வைத்துப் புளி போட்டுத் துலக்குவேன். சொட்டிய இடமெல்லாம் பளபளப்பு போய் வெளுத்த வட்டம். அதை விபூதிக் கறை என்று நினைத்து எலுமிச்சை தேய்த்தேன், வட்டம் பெரிதானது. கறையா, அரிப்பா என்று பார்க்க வழி எளிது. பழைய பிளேடைப் படுக்கவைத்து லேசாகச் சுரண்டுங்கள். வெள்ளைத் தூள் வந்தால் படிவு, எடுத்துவிடலாம். தூள் வராமல், விரலால் தடவினால் சொரசொரப்பாக இருந்தால் பாலிஷ் போய்விட்டது, இனி பாலிஷ் போடுகிறவர்தான் வர வேண்டும்.

இப்போதைய வீட்டில் இருப்பது உண்மையான கறுப்பு கிரானைட். அதிலும் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சாண் அளவு வெள்ளைப் பூச்சு படிந்திருந்தது. துடைத்தால் போகும், காய்ந்தால் திரும்பி வரும். காரணம் எண்ணெய். திரியிலிருந்து தெறிக்கும் நல்லெண்ணெய் கல்லின் மேல் பிசுக்காகக் காய்கிறது, அதில் விபூதி ஒட்டுகிறது, அபிஷேகத் தண்ணீர் காய்ந்து அதன் மேல் உப்பு விடுகிறது. வெறும் தண்ணீர் எண்ணெயை அசைக்காது. முதலில் உலர்ந்த துணியால் பொடியை எடுத்தேன். பழைய ஏடிஎம் கார்டால் பிசுக்கைச் சுரண்டினேன். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு மக், பாத்திரம் கழுவும் திரவம் நான்கு சொட்டு, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை துடைத்தேன். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டேன். இந்தக் கடைசி வேலையை விட்டால் போர் தண்ணீரே காய்ந்து புதுப் படலம் போடும்.

எச்சில் பாத்திரம் கழுவுகிற சோப்பைச் சாமி இடத்தில் வைப்பதா என்று அத்தை கேட்டார். நியாயம்தான், பூஜை அறைக்கென்று தனிப் பாட்டில் வாங்கிவிட்டேன். சுரண்டி எடுத்த விபூதியைக் குப்பையில் போடாமல் செடித் தொட்டியில் போடச் சொன்னார், அதுவும் நடக்கிறது. பாத்ரூம் ஆசிட்டை மட்டும் அந்தக் கல் பக்கம் விட மாட்டேன், யார் சொன்னாலும்.

சாம்பல் நிற கிரானைட் வைத்திருக்கும் என் தங்கைக்குப் பிரச்சினை வேறு. விளக்கடியில் எண்ணெய் உள்ளே இறங்கிக் கருந்திட்டு விழுந்திருந்தது. அதற்கு ஆப்பசோடாவைத் தண்ணீரில் தோசைமாவை விடக் கெட்டியாகக் குழைத்து அரை விரல் கனத்துக்குப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தை டேப் போட்டு ஒரு நாள் விட்டாள். பிறகு தாளை எடுத்து முழுக்கக் காயவிட்டாள். காயும்போதுதான் மாவு எண்ணெயை மேலே இழுக்கும், ஈரமாக இருக்கும்போதே வழித்தால் ஒன்றும் வராது. மூன்று தடவை போட்டதில் திட்டு வெளிறிவிட்டது, நடுவில் மட்டும் மிளகளவு இருக்கிறது. அதன் மேல் விபூதி மடலை வைத்துவிட்டாள்.